வெடிப்பா, எரிதலா?

பெங்களூருவில் ஆய்வு மேற்கொண்டிருக்கும் தமிழ் மாணவி ஒருவர், நான்கு வீச்சுப் பெட்ரோல் எஞ்சினை விளக்கும் ஆங்கிலப் பகுதி ஒன்றைப் பொதுவாசகருக்காகத் தமிழாக்கினார். ஒரு பக்கமே உள்ள அப்பகுதி ஒரே மாலையில் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தார். ஆனால், வீச்சுகளின் நான்கு பெயர்களில் மூன்று அவரைத் தடுத்து நிறுத்தின.

பிஸ்டன் கீழிறங்கும் முதல் வீச்சுக்கு முதலில் 'உறிஞ்சுதல்' என்று எழுதினார். பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தமே காற்றையும் பெட்ரோலையும் உள்ளே தள்ளுகிறது. காற்று அடர்த்தி குறைந்த உயர்ந்த மலைச்சாலையில் வண்டியின் இழுவை குறைவதற்கும் இதுவே காரணம். 'உறிஞ்சுதல்' என்ற சொல் இதனை மறைத்துவிடும் என்பதால், அவர் அதை 'உட்புகல்' என்று மாற்றினார்.

இரண்டாம் வீச்சுக்கு 'அழுத்தம்' என்று எழுத இயலவில்லை. முந்தைய பத்தியிலேயே அச்சொல் வேறு பொருளில் வந்துவிட்டது. 'அமுக்கம்' என்றால், இலங்கைப் பாடநூல்களில் அழுத்தத்திற்கே அப்பெயர். ஆகவே 'இறுக்கல்' என்று எழுதி, ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்தார்: இறுக்க விகிதம் 9 ஆக உள்ள 100 சி.சி. எஞ்சினில், 112.5 கன சென்டிமீட்டர் கலவை 12.5 கன சென்டிமீட்டர் இடத்திற்குள் நெருக்கப்படுகிறது.

மூன்றாவதே கடினமாக இருந்தது. 'திறன்' என்பது இயற்பியலில் வேலை செய்யும் வீதம். இவ்வீச்சில் நிகழ்வதோ பிஸ்டனைத் தள்ளும் வேலை. வழக்கில் உள்ள 'வெடிப்பு' என்ற சொல்லையே அவர் எழுதி, ஊரிலிருக்கும் தாயாருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்.

"அப்படின்னா, சத்தமா வெடிச்சாத்தான் நல்ல எஞ்சினாம்மா?" என்று தாயார் கேட்டார்.

அக்கேள்வி பிழையைக் காட்டிக்கொடுத்தது. நலமான எஞ்சினில் கலவை வெடிப்பதில்லை. தீப்பொறியிலிருந்து கிளம்பும் சுடர் கலவையின் ஊடே பரவி எரிக்கிறது. அவ்வாறு பரவச் சிறிது நேரம் வேண்டும் என்பதனால்தான், பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்குச் சற்று முன்பே பொறி தரப்படுகிறது. சுடர் வந்து சேருமுன் எஞ்சிய கலவை வெப்பத்தால் தானாகவே ஒருசேரப் பற்றிக்கொண்டால், அதுவே வெடிப்பு. மேட்டில் ஏறும்போது கேட்கும் உலோகத் தட்டல் ஒலி அதன் அறிகுறி. அது நீடித்தால் பிஸ்டன் சேதமடையும். நலத்துக்கு 'வெடிப்பு' என்ற பெயரைக் கொடுத்துவிட்டால், நோய்க்கு வைக்கச் சொல் இராது. எனவே மூன்றாவது 'உந்து வீச்சு' ஆயிற்று. நான்காவதற்கு 'வெளியேற்றம்' என்ற சொல் தடையின்றிப் பொருந்தியது.

திருத்திய வடிவை மறுநாள் வாசித்தபோது, தாயார் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஸ்கூட்டர் பாலத்து மேட்டுல 'டிக் டிக்'னு தட்டுதே, அதை மெக்கானிக்கிட்ட காட்டணும் போல இருக்கு."