ஃப்ளஷ் வைத்துக்கொண்டு தோற்ற கதை

வீட்டுக் கல்யாணங்களில் விடிய விடிய ரம்மி ஆடிய பரம்பரை நான். ஐந்து சீட்டு போக்கரையும் ஓரளவு கற்றுக்கொண்டுதான் இங்கிலாந்துக்குப் படிக்க வந்தேன். அந்தத் தைரியத்தில், வீட்டில் கூடத் தங்கியிருக்கும் உள்ளூர்ப் பையன் "ப்ராக் ஆடலாமா?" என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். ப்ராக் என்பது ஆங்கிலேயர்களின் மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு, மாற்றிக்கொள்ள முடியாது, பந்தயம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அன்றைக்கு என் கையில் ஸ்பேடில் ஏஸ், கிங், ஒன்பது. மூன்றும் ஒரே ஜாதி, ஃப்ளஷ்! கடைசியில் நானும் அவனும் மட்டும் மிச்சம். பந்தயம் ஒரு பவுண்டில் நின்றது. எதிராளியின் கையைத் திறக்கச் சொல்ல இரண்டு மடங்கு போட வேண்டும் என்பது ப்ராக் விதி. இரண்டு பவுண்டு போட்டேன். அவன் காட்டியது வெவ்வேறு ஜாதியில் ஐந்து, ஆறு, ஏழு. சிரித்துக்கொண்டே என் சீட்டைப் போட்டுவிட்டு காசை அள்ளப் போனேன். கையைத் தட்டிவிட்டான். "ரன் ஃப்ளஷை ஜெயிக்கும்!"

போக்கரில் ஃப்ளஷ்தானே மேலே? ஏமாற்றுகிறான் என்றே நினைத்தேன். போனது ஒரு வாரத்து பஸ் காசு. படிப்பதோ கணக்கு. ராத்திரியே பேப்பரை எடுத்தேன்.

52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள் இருக்கின்றன. ஒரு ஜாதியின் 13 சீட்டில் மூன்றை 286 விதமாக எடுக்கலாம், நான்கு ஜாதிக்கும் சேர்த்து 1,144. ரன் என்றால் ஏஸ்-2-3 தொடங்கி குயின்-கிங்-ஏஸ் வரை 12 வரிசைகள். ஒவ்வொரு சீட்டும் நான்கு ஜாதியில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் வரிசைக்கு 64, மொத்தம் 768. ஒரே ஜாதியில் வரிசையாகவும் வரும் ரன்னிங் ஃப்ளஷ் 48 இரண்டு கணக்கிலும் இருக்கிறது. அதைக் கழித்தால் ஃப்ளஷ் 1,096, ரன் 720. ரன்தான் அபூர்வம். பையன் ஏமாற்றவில்லை :-(

ஐந்து சீட்டில் இது ஏன் தலைகீழாகிறது? ஒரே ஜாதி அமைய, முதல் சீட்டுக்குப் பிறகு வரும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலில் ஒன்று என்ற தடையைத் தாண்ட வேண்டும். மூன்று சீட்டில் இரண்டே தடை, ஐந்தில் நான்கு. கூடுதல் சீட்டுகள் வரிசையையும் கடினமாக்குகின்றன, ஆனால் ஃப்ளஷை அதைவிட மோசமாக அடிக்கின்றன. அதனால்தான் போக்கரின் 25,98,960 கைகளில் ஃப்ளஷ் 5,108, ஸ்ட்ரெயிட் 10,200.

சரி, ப்ராக் கணக்குப்படி நியாயமான ஆட்டம் என்று முடிவு கட்டப்போனால் அடுத்த இடி. இதில் உச்சம் ப்ரையல், அதாவது மூன்றும் ஒரே எண். அது 52 விதமாக வரும். அதற்குக் கீழே இருக்கும் ரன்னிங் ஃப்ளஷ் 48 விதம்தான்! அபூர்வமான கை கீழே, சற்று எளிதான கை மேலே. ஐந்து சீட்டு போக்கரில் இப்படி ஒரு இடம்கூடக் கிடையாது. காலையில் டீ குடிக்கும்போது பையனைக் கேட்டேன். "எங்க தாத்தா அப்படித்தான் ஆடுவார்" என்றான். இதற்கு மேல் என்ன வாதம் செய்ய?

தாத்தாக்களின் கைவரிசை இன்னும் உண்டு. ப்ரையல்களில் பெரியது மூன்று ஏஸ் இல்லை, மூன்று 3. ரன்களில் ஏஸ்-2-3 முதலிடம், ஏஸ்-கிங்-குயின் அதற்கு அடுத்ததுதான். போக்கரில் ஏஸிலிருந்து ஐந்து வரை போகும் வரிசை ஸ்ட்ரெயிட்களிலேயே கடைசி. நம் நாட்டு தீன் பத்தியில் பொதுவாக மூன்று ஏஸ்தான் உச்சம், எனவே அங்கிருந்து வருபவர்களும் இதில் மாட்டுவார்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்தும் பழக்கம் விடவில்லை. போக்கரில் ஜோடி சாதாரணம், கிட்டத்தட்ட பாதி கைகளில் ஒரு ஜோடியாவது இருக்கும். மூன்று சீட்டில் ஜோடியோ அதற்கு மேலோ வருவது நாலில் ஒரு தடவைதான், மீதியெல்லாம் வெறும் கை. போன வாரம் எனக்கு ஒரு ஜோடி 4 வந்தது. நாலுதானே என்று தூக்கிப் போட்டேன். காசை அள்ளியபிறகு அவன் வேண்டுமென்றே சீட்டைத் திருப்பிக் காட்டினான். குயின், ஒன்பது, இரண்டு.