களத்துமேட்டில் ஒரு கயிறு

ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்த மலையாளி மக்களுக்கு உடற்பயிற்சியைப் பற்றி எவரும் போதிக்க வேண்டியதில்லை. சாமை விதைக்கவும் களையெடுக்கவும் விறகு சுமக்கவும் நாள்தோறும் சரிவுகளில் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். உடற்பருமன் என்னும் தொல்லை பெரும்பாலும் எங்களைப் போன்றோரைத்தான் பிடிக்கிறது. பணியின் பொருட்டுச் சமவெளியிலிருந்து வந்து, நாற்காலியில் அமர்ந்து, கடைக்குப் போவதற்கும் இரு சக்கர வண்டியை எடுக்கும் ஆசிரியர்களையும் அலுவலர்களையும் அவர்தம் இல்லத்தாரையும் சொல்கிறேன். தமிழகம் முழுவதிலும் இந்நிலை பெருகி வருகிறது. 2015-16-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட நம் மாநிலப் பெண்களுள் நூற்றுக்கு 31 பேர் மிகை எடை உடையவர்களாய் இருந்தனர். 2019-21 ஆய்வில் அது 40 ஆயிற்று.

என் துணைவியாரும் அந்த நாற்பதில் ஒருவர். வயது 44, உயரம் ஐந்தடி இரண்டங்குலம், எடை 72 கிலோ. இரத்த அழுத்தமும் இருதயமும் சரியாக உள்ளன, எடையை மட்டும் குறையுங்கள் என்றார் மருத்துவர். நடைப்பயிற்சி நல்லதுதான். ஆனால் எங்கள் மலைச்சாலையில் மாலை நடை எளிதன்று. நடைபாதை கிடையாது, வளைவில் வரும் வண்டி தெரியாது, மூடுபனி இறங்கினால் எதிரே நிற்பவர் முகமும் தெரியாது. இறக்கத்தில் நடந்தால் முழங்காலுக்கும் வேதனை. ஆகவேதான் சிறுமியர் விளையாட்டென்று நாம் ஒதுக்கிவிட்ட கயிறு தாண்டுதலை எண்ணினோம். குத்துச்சண்டை வீரர்கள் மூச்சை வளர்க்க இன்றும் கையாளும் பயிற்சி அது.

கயிற்றுக்கென்று பெருஞ்செலவு எதுவும் இல்லை. சாமான் கடையில் சுண்டுவிரல் பருமனுள்ள நைலான் கயிறு ஒன்பதடி வாங்கினோம். தேங்காய் நார்க் கயிறு விறைத்து நிற்கும், சுழலாது. கயிற்றின் நடுவில் ஒரு காலை ஊன்றி, இரு முனைகளையும் மேலே இழுத்தால் அவை அக்குள் வரை வரவேண்டும். மிகுந்ததை வெட்டிவிட்டு, தண்ணீர்க் குழாய்த் துண்டு இரண்டைப் பிடியாகக் கோத்து, முனையில் முடிச்சிட்டோம். கயிறு பிடிக்குள் தடையின்றிச் சுழன்றால் போதும்.

எந்தத் தரையில் தாண்டுகிறோம் என்பதில் அதிகக் கவனம் வேண்டும். சிமெண்டுத் தரையும் பாறையும் கால் எலும்புக்குப் பகை. எங்கள் வீட்டருகே சாமை அடிக்கும் களம் ஒன்று உண்டு. மண்ணை இறுக்கிச் சாணமிட்டு மெழுகியது, சமமானது, சற்றே நெகிழ்ந்து கொடுப்பது. களத்தில் வேலை இல்லாத நாட்களில் உரியவர் அன்புடன் இடம் தந்தார். முன்பாதத்தில் மெத்தென்ற அடி உள்ள காலணியுடன் துணைவியார் அங்கே தொடங்கினார்.

முதல் வாரத்தில் 20 முறை தாண்டுவது, பின் ஒரு நிமிடம் மெல்ல உலவுவது. இது ஒரு சுற்று. இத்தகைய சுற்று ஐந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்தில் மூன்று நாள். அவ்வளவே. இன்னும் தாண்டலாமே என்று உள்ளம் துள்ளும். ஆயினும் நிறுத்திவிட வேண்டும். ஏனெனில் மூச்சும் இருதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகப் பல மாதங்கள் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதென்று நம்பிக் கூட்டியவர்களே மூன்றாம் வாரத்தில் நொண்டுகிறார்கள். இரண்டாம் வாரம் எட்டுச் சுற்று, மூன்றாம் வாரம் பத்து. அதன்பின் சுற்றைக் கூட்டாமல், தாண்டும் எண்ணிக்கையை நான்காம் வாரத்தில் 30 ஆக்கி, பிறகு இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பத்தாகக் கூட்டினார். பத்தாம் வாரத்தில் 60 தாண்டல் பத்துச் சுற்று வந்தது. பின்னர்ச் சுற்றுகள் மெல்லப் பதினைந்தாயின. ஒரே வாரத்தில் இரண்டையும் கூட்டுவதில்லை என்பதே எங்கள் சட்டம்.

இடையோய்வை அளக்கக் கடிகாரம் தேவைப்படவில்லை. 'அருள் நிறைந்த மரியே' செபத்தை நிதானமாக மூன்று முறை சொன்னால் ஏறக்குறைய ஒரு நிமிடம். மூன்றாவது செபத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் அடுத்த சுற்று. முடியாவிட்டால் இன்னும் ஒன்று. "செபத்தைக் கடிகாரமா வெச்சுக்கலாமா வாத்தியாரே?" என்று பங்குப் பாட்டியார் ஒருவர் என்னைக் கேட்டார். அடுப்பில் கஞ்சி வேகும் நேரத்தைச் செபமாலையால் கணக்கிடுகிறவர் அவர். அதை நினைவூட்டியதும் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

தாண்டும் முறையில் காதே நல்ல ஆசான். கயிறு நுழையும் அளவுக்கு, ஓர் அங்குலம் எழும்பினால் போதும். முன்பாதம் முதலில் ஊன்ற, முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். தரையில் 'தொம்' என்று ஓசை எழுந்தால் தேவைக்கு மேல் குதிக்கிறோம் என்று பொருள். முழங்கை விலாவை ஒட்டியிருக்க, மணிக்கட்டு மட்டும் சுழல்வது முறை. தோள் வலித்தால் கை முழுவதும் சுழல்கிறதென்று அறியலாம்.

முதல் நாட்களில் கெண்டைக்கால் வலிப்பது இயல்பு. இரண்டொரு நாளில் தணியும். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் கையகல நீளத்திற்கு வலித்தால், ஒரு வாரம் ஓய்ந்து, பாதி எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். விரல்நுனி அளவான ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்து, நடக்கும்போதும் இரவிலும் அது நீடித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும். மருத்துவரிடம் செல்வதே முறை. பிள்ளை பெற்ற தாய்மார் சிலருக்குத் தாண்டும்போது சிறுநீர் கசிவதுண்டு. வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை, அதற்கென இடுப்பு அடித்தசைப் பயிற்சிகள் உள்ளன, மருத்துவரைக் கேட்கலாம். கருவுற்றோர், இருதய நோயாளிகள், மூட்டுத் தேய்வு உடையோர், மிகப் பெரும் எடையுள்ளோர் ஆகியோருக்குக் கயிறு ஏற்றதன்று. மருத்துவர் அனுமதித்தால் சம தரையில் நடக்கலாம்.

இனிக் கொழுப்பின் கணக்கு. 72 கிலோ எடையுள்ளவர் 900 முறை தாண்டினால் பத்து நிமிடம். செலவாவது ஏறத்தாழ 100 கலோரி. அதே நேரம் நடந்தால் 40 கலோரி அளவே. ஆனால் ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியிருப்பதோ சுமார் 7,700 கலோரி. வாரம் மூன்று நாள் தாண்டினால், கயிறு ஒன்றினாலேயே ஒரு கிலோ கரைய ஆறு மாதம் ஆகும்! பத்தே நாளில் தொந்தி கரையும் என்று விளம்பரம் செய்வோர் இக்கணக்கைச் சொல்வதில்லை. வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியே கரைக்கும் பயிற்சியும் கிடையாது.

ஆகவே நாங்கள் தேநீரையும் பார்த்தோம். குளிருக்கு இதமாக நாளைக்கு நான்கு தம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு சிறுகரண்டி சர்க்கரை. எட்டுக் கரண்டிக்கு ஏறக்குறைய 130 கலோரி. கயிறு ஒரு நாளில் எரிப்பதைவிட அதிகம். அதை நிறுத்தினார். வேறு எதையும் குறைக்கவில்லை. ஐந்து மாதத்தில் எடை 69 கிலோவாயிற்று; இடுப்புச் சுற்றில் இரண்டங்குலம் குறைந்தது. அந்த மூன்று கிலோவில் பெரும்பங்கு சர்க்கரைக்குரியது என்பதே என் கருத்து. கயிறு தந்தது மூச்சு. ஞாயிறு பூசைக்குக் கோயில் மேட்டில் ஏறும்போது இருமுறை நின்றவர், இப்போது நில்லாமல் ஏறிவிடுகிறார், நான்தான் பின்தங்குகிறேன்.

மழை மாதங்களில் களம் வழுக்கும். அப்போது கயிறில்லாமல், திண்ணையில் தடித்த கோரைப்பாய் விரித்து, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிக்கிறார். இரண்டு வாரத்திற்கு மேல் விட்டுப்போனால், விட்ட எண்ணிக்கையில் தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்குகிறார்; மூன்றாம் வாரத்தில் பழைய கணக்கு வந்துவிடுகிறது.