ஏழு காது வைத்த பெட்டி

திண்மங்கள் பாடம் படித்த எல்லாருக்கும் ஒரு வரி மட்டும் நினைவில் நிற்கும். ஒரு திண்மத்தின் உச்சிகளையும் முகங்களையும் கூட்டி, அதிலிருந்து விளிம்புகளைக் கழித்தால் இரண்டு வரும். ஒயிலரின் தொடர்பு என்று பெயர். நாங்களும் படித்தோம், சோதனையில் எழுதினோம், ஓ.எல். முடிந்து கலைப்பிரிவுக்குப் போனதோடு அதைக் கை கழுவிவிட்டோம். ஏன் இரண்டு? ஏன் மூன்றோ ஐந்தோ இல்லை? அதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை, நாங்களும் யாரிடமும் கேட்டதில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசிகசாலையில் தரம் 8 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். கணிதத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால் அதுவும் எங்கள் தலையில் விழுந்தது. திண்மங்கள் பாடத்தை பிரிஸ்டல் போட்டில் வலையுரு வரைந்து, வெட்டி, ஒட்டித்தான் செய்வது என்று முடிவெடுத்தோம். கணக்கு வராது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை அன்று கவனித்த ஒரு விசயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சதுரமுகி. ஐந்து சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரம் ஆறு. நாலு சதுரம் ஒன்றின்கீழ் ஒன்றாக, இரண்டாவது சதுரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. சிலுவை போல வரும். மடிக்கும் கோடுகளின்மேல் அடிமட்டத்தை வைத்து, மை முடிந்த பேனாவால் ஒருதரம் அழுத்திக் கீற வேண்டும். இல்லாவிட்டால் தடித்த மட்டை கோட்டில் மடியாமல் பக்கத்தில் சுருங்கி மடியும், பெட்டி கோணலாகிவிடும். பிறகு ஒட்டுவதற்கு, வெளிப் பக்கங்களில் ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒட்டு மடிப்புகள் விட வேண்டும். பிள்ளைகள் அதற்குக் 'காது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்களும் அப்படியே சொல்கிறோம்.

காது எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். நினைத்த இடத்தில் வைத்தால், மடிக்கும்போது ஒரு விளிம்பில் இரண்டு காது வந்து முட்டும். இன்னொரு விளிம்பில் ஒன்றுமே இராது, அங்கே வாய் பிளந்து நிற்கும். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வலையுருவின் ஓரத்தில் ஏதாவது ஒரு பக்கத்தில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாகக் காது வைத்துக்கொண்டு சுற்றி வரவேண்டும். சிலுவைக்கு வெளிப் பக்கங்கள் பதினாலு. ஆகவே காது ஏழு. எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் சரியாகவே ஒட்டும். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது எண்ணல். பெட்டியைக் கையில் வைத்து உருட்டி உருட்டி எண்ணினால் எந்த விளிம்பை எண்ணினோம் என்பது மறந்துபோகும். ஒருவருக்குப் பதினொன்று வரும், பக்கத்தில் இருப்பவருக்குப் பதின்மூன்று வரும். இதற்குப் பயந்து சிலர் ஒட்டாத வலையுருவிலேயே எண்ணிவிடுகிறார்கள்.

"அக்கா, எனக்கு விளிம்பு பத்தொன்பது வருது. உச்சி பதினாலு."

அந்தப் பிள்ளை எண்ணியதில் பிசகு இல்லை. சிலுவைக் கடதாசியில் மடிக்கும் கோடு ஐந்து, வெளிப் பக்கம் பதினாலு, மொத்தம் பத்தொன்பது கோடுகள் இருக்கின்றன. மூலைகளும் பதினாலுதான். ஆனால் இது கடதாசியின் கணக்கு, பெட்டியின் கணக்கு இல்லை. பதினாலும் ஆறும் இருபது, அதில் பத்தொன்பது போக ஒன்று. யாராவது இரண்டுக்குப் பதிலாக ஒன்று என்று விடை சொன்னால், மடிக்காத வலையுருவில் எண்ணியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பெட்டியாக ஒட்டும்போது வெளிப் பக்கங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒவ்வொரு விளிம்பாகின்றன. பதினாலு பக்கம் ஏழு விளிம்பாகிறது. மடித்த ஐந்தும் ஒட்டிய ஏழும் பன்னிரண்டு. அதுதான் சரியான விடை. உருட்டி எண்ணத் தேவையே இல்லை: பெட்டியின் எந்த விளிம்பும் ஒன்றில் மடித்த விளிம்பாக இருக்கும், இல்லாவிட்டால் ஒட்டிய விளிம்பாக இருக்கும்.

இதைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதினோம். சதுரமுகி: முகம் ஆறு, மடிப்பு ஐந்து, காது ஏழு, உச்சி எட்டு. அடுத்து முக்கோண அரியம் செய்தோம். மூன்று செவ்வகம் வரிசையாக, நடுச் செவ்வகத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு முக்கோணம். முகம் ஐந்து, மடிப்பு நாலு, வெளிப் பக்கம் பத்து, காது ஐந்து, உச்சி ஆறு. பிறகு நான்முகி: முகம் நாலு, மடிப்பு மூன்று, காது மூன்று, உச்சி நாலு.

அப்போதுதான் கணக்கு வராத அந்தப் பிள்ளை பின்வாங்கிலிருந்து சொன்னா:

"அண்ணா, காது எப்பவும் உச்சியைவிட ஒண்டு குறைவா வருது."

எல்லாரும் அட்டவணையைத் திரும்பப் பார்த்தோம். எட்டுக்கு ஏழு. ஆறுக்கு ஐந்து. நாலுக்கு மூன்று. எங்களில் ஒருவருக்கும் அது முன்னமே கண்ணில் படவில்லை. புத்தக அட்டவணைகளில் முகம், விளிம்பு, உச்சி என்று மூன்று நிரல்தான் இருக்கும். காதுக்கு நிரல் போட்டது பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்ததால்தான்.

மடிப்பு முகத்தைவிட ஒன்று குறைவு என்பது விளங்கக்கூடியது. ஆறு சதுரத்தைத் தனித்தனியாக மேசையில் வைத்தால், ஒரே துண்டாக்க ஐந்து இணைப்புப் போதும். ஆனால் காது ஏன் உச்சியைவிட ஒன்று குறைவு? இதற்கு ஒட்டிய பெட்டியைத் திரும்ப வெட்டிப் பார்க்க வேண்டும். எங்களிடம் ஒரு சவர்க்காரப் பெட்டி இருந்தது. அதன் எல்லா வாய்களையும் செலோடேப்பால் ஒட்டி மூடிவிட்டு, விளிம்பு வழியே மட்டும் வெட்டி ஒரே தாளாக விரிக்கச் சொன்னோம்.

மேல் மூடியில் மூன்று விளிம்பு வெட்டினால் மூடி திறக்கும். நாலாவதையும் வெட்டினால் மூடி கழன்று விழுந்துவிடும். வெட்டுகள் சுற்றி வந்து ஒரு வளையமாக மூடக்கூடாது என்பது அங்கேயே தெரிந்தது. கீழ் மூடியிலும் அப்படியே மூன்று. இப்போது எட்டு உச்சியையும் வெட்டு தொட்டுவிட்டது, ஆனால் பெட்டி இன்னும் விரியவில்லை. நடுப்பகுதி குழாய் மாதிரி நிற்கிறது. மேல் வெட்டும் கீழ் வெட்டும் ஒன்றோடொன்று சேராததுதான் காரணம். செங்குத்தாக ஒரு விளிம்பை வெட்டியதும் தாள் மேசையில் படுத்துவிட்டது. மூன்றும் மூன்றும் ஒன்றும் ஏழு.

ஆகவே பெட்டி விரிய வேண்டுமானால் மூன்று விசயம் தேவை. வெட்டு எல்லா உச்சியையும் தொட வேண்டும். தொடாத உச்சி கூராக மேலே தூக்கி நிற்கும். வெட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க வேண்டும். எங்கும் வளையம் வரக்கூடாது. இப்படி வெட்டும் ஒருவர் ஓர் உச்சியில் கத்தரிக்கோலை வைத்துத் தொடங்கினால், ஒவ்வொரு வெட்டும் அவரை ஒரு புது உச்சிக்குக் கொண்டுபோகும். தொடங்கிய உச்சி மட்டும் வெட்டில்லாமலே கிடைத்தது. அதனால்தான் வெட்டு உச்சியைவிட ஒன்று குறைவு. அந்த வெட்டுகளைத் திரும்ப ஒட்டுவதற்குத்தான் காது.

இனி மிச்சம் தானாக வரும். விளிம்பு என்றால் மடிப்பும் காதும். மடிப்பு முகத்தைவிட ஒன்று குறைவு, காது உச்சியைவிட ஒன்று குறைவு. அந்த இரண்டு ஒன்றும் சேர்ந்ததுதான் ஒயிலரின் இரண்டு. அவர் 1750இல் இந்தத் தொடர்பைக் கண்டு நண்பர் கோல்ட்பாக்குக்குக் கடிதத்தில் எழுதினார். ஏறத்தாழ இதே வழியான நிரூபணத்தை வொன் ஸ்டவுட் என்ற ஜேர்மன் கணிதவியலாளர் 1847இல் கொடுத்தார்.

ஒன்று விட்டு ஒன்றாகக் காது வைத்தால் ஏன் சரிவரும் என்பதும் இதிலேயே இருக்கிறது. வலையுருவின் ஓரத்தைச் சுற்றி வருவது, வெட்டின் இரண்டு கரையிலும் நடந்து வருவதுதான். ஒரு வெட்டின் ஒரு கரையால் போய் மறு கரையால் திரும்புவதற்குள், இடையில் உள்ள ஒவ்வொரு வெட்டிலும் போயும் வந்தும் இரண்டு கரையும் நடந்திருப்போம். ஆகவே இடையில் எப்போதும் இரட்டை எண்ணிக்கையில்தான் பக்கங்கள். ஒரு கரைக்குக் காது கிடைத்தால் மற்றதுக்குக் கிடைக்காது.

"அப்ப ஓட்டை உள்ளதுக்கு?" என்று ஒரு பெடியன் சுவரில் தொங்கிய படச் சட்டத்தைக் காட்டினான். நாலு மரத்துண்டை மூலைக்கு மூலை சரிவாக வெட்டிச் சேர்த்த சட்டம். உச்சி வெளியே எட்டு, உள்ளே எட்டு. முகம் முன்னால் நாலு, பின்னால் நாலு, வெளியே நாலு, உள்ளே நாலு. விளிம்பு வெளிச் சுற்றில் பன்னிரண்டு, உள்ளே பன்னிரண்டு, சரிந்த மூலைக் கோடுகள் எட்டு, மொத்தம் முப்பத்திரண்டு. பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு, கழித்தால் பூச்சியம். மடிப்பு பதினைந்து, காது பதினைந்து என்று வைத்தாலும் முப்பதுதான் வருகிறது, இரண்டு விளிம்பு மிஞ்சுகிறது. ஓட்டை இருப்பதால் எல்லா உச்சியையும் தொட்ட பிறகும் தாள் வளையமாகவே நிற்கும், விரிக்க இன்னும் இரண்டு வெட்டு வேண்டும். ஒயிலரின் இரண்டு, ஓட்டையில்லாத திண்மங்களுக்குத்தான்.

திண்மங்களை இப்படி வலையுருவாக விரித்து வரைந்து 1525இல் அச்சிட்டவர் அல்பிரெக்ட் டூரர். நியூரெம்பேர்க் நகரத்து ஓவியர். கலைப்பீடத்துக்காரருக்குப் பிடிக்கக்கூடிய ஆள். அவருடைய வலையுருக்களிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. உள்நோக்கிக் குழிவே இல்லாத, தட்டையான முகங்களால் ஆன எந்தத் திண்மத்தையும் விளிம்பு வழியே வெட்டி, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே தாளாக விரிக்க முடியுமா? முடியும் என்று ஒருவரும் நிறுவவில்லை. முடியாத ஒரு திண்மத்தையும் ஒருவரும் காட்டவில்லை.

இதைச் சொன்னதும், காதைக் கவனித்த அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "அப்ப அதை நாங்கள் செய்து பார்க்கலாமோ?" அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு பிரிஸ்டல் போட் வாங்க வேண்டும்.