பென்ஷன்காரரின் பணமும் விலைவாசியும்: சின்னக் கணக்கு ஒன்று



அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை பக்கம் இந்த வருடமும் எங்கள் ஆசிரியர்கள் சிலர் ஓய்வு பெறுகிறார்கள். கையில் பணிக்கொடைப் பணம் வந்ததும் எல்லோரும் கேட்பது, "எங்கே போட்டால் கூட வீதம் தருவார்கள்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இருபது வருடம் கழித்தும் அந்தப் பணத்தால் இன்று வாங்கும் அதே அரிசியையும் பருப்பையும் மருந்தையும் வாங்க முடியுமா?

2021 செப்டெம்பரில் ஒரு ஆசிரியை பத்து இலட்சம் ரூபாயை வைப்பில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அதாவது, முதல் வருடம் பத்து இலட்சத்துக்கு வாங்கிய சாமான்களுக்கு அடுத்த வருடம் ஏறக்குறைய 17 இலட்சம் தேவைப்பட்டது. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதமாக இறங்கியது. 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 0.5. "பணவீக்கம் குறைந்துவிட்டது" என்று செய்தியில் சொன்னார்கள். ஆனால் அந்த 17 இலட்சம் பத்து இலட்சத்துக்குத் திரும்பவில்லை. மூன்று வருட முடிவில் அதே சாமான்களுக்கு 17 இலட்சத்து 11 ஆயிரம் அளவில் வேண்டும். பணவீக்கம் குறைகிறது என்றால் விலை ஏறும் வேகம் குறைகிறது என்றுதான் அர்த்தம். ஏறிய விலை ஏறியபடியேதான் இருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் சில நாடுகளில் பணவீக்கத்தோடு இணைத்த அரச முறிகள் இருக்கின்றன. பிரிட்டன் 1981இலும் அமெரிக்கா 1997இலும் இவற்றை வெளியிடத் தொடங்கின. வேலை செய்யும் முறை எளிது. விலைச் சுட்டெண் 10 வீதம் ஏறினால் நீங்கள் கொடுத்த முதலும் 10 வீதம் ஏறும். அதன்மேல் சிறியதொரு வீதமும் கிடைக்கும். எங்கள் ஆசிரியையிடம் அப்படியொரு முறி இருந்திருந்தால், மூன்று வருடத்தில் அவருடைய பத்து இலட்சம் தானாகவே 17 இலட்சத்தைத் தாண்டியிருக்கும்.

பக்கத்து நாடான இந்தியா 2013 டிசம்பரில் பொதுமக்களுக்கென்றே இப்படியொரு பத்திரத்தைக் கொண்டு வந்தது. பத்து வருடக் காலம், பணவீக்கத்தோடு 1.5 வீதம் கூட. கேட்க நன்றாக இருந்தாலும் மக்கள் பெரிதாக வாங்கவில்லை. 2014 மார்ச்சோடு விற்பனையை நிறுத்தினார்கள். அதில் இருந்த ஒரு குறை ஓய்வுபெற்றவருக்கு முக்கியமானது. வருமானம் முழுவதும் முதலோடு சேர்ந்து பத்து வருட முடிவில்தான் கைக்கு வரும். மாதம் மாதம் மின்சாரக் கட்டணமும் மருந்துச் செலவும் உள்ளவருக்கு அது சரிவராது. இடையில் எடுத்தால் தண்டம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2022இல் பிரிட்டனில் பணவீக்கம் 10 வீதத்தைத் தாண்டியது. அதே வருடம் அங்குள்ள பணவீக்க முறிகளின் சந்தை விலை கடுமையாக விழுந்தது. வட்டி வீதங்கள் ஏறினால் பழைய முறிகளின் விலை இறங்கும். முதிர்வு வரை வைத்திருந்தவருக்கு வாக்குக் கொடுத்தது கிடைக்கும். நடுவில் விற்க வேண்டி வந்தவருக்கு நட்டம்.

சரி, கண்டியில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது? வங்கிக் கவுன்டரில் எங்களுக்குக் கிடைப்பவை நிலையான வைப்பும், 91, 182, 364 நாள் திறைசேரி உண்டியல்களும், நீண்டகாலத் திறைசேரி முறிகளும்தான். இவற்றில் குறுகிய காலத்துக்கு ஒரு நன்மை இருக்கிறது. பணவீக்கம் ஏறினால் வீதங்களும் கொஞ்சம் பிந்தி ஏறும். அடிக்கடி முதிரும் பணம் அந்தப் புது வீதத்தைப் பிடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். வீதங்களை உதாரணத்துக்கு எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தவருக்கு முதல் வருடம் 6, அடுத்தது 20, அடுத்தது 10 வீதம் கிடைத்தது என்றால் மூன்று வருடத்தில் பத்து இலட்சம் 13 இலட்சத்து 99 ஆயிரம் ஆகும். ஐந்து வருடத்துக்கு 8 வீதத்தில் பூட்டியவருக்கு அதே காலத்தில் 12 இலட்சத்து 60 ஆயிரம். சாமான்களுக்குத் தேவை 17 இலட்சத்து 11 ஆயிரம். முதலாமவரின் நூறு ரூபாய்க்கு 82 ரூபாய்ப் பெறுமதி மிஞ்சியது, இரண்டாமவருக்கு 74. இரண்டு பேரும் தோற்றார்கள். ஆனால் ஒருவர் குறைவாகத் தோற்றார்.

இது இலாபத்தில் ஒரு சதமும் தொடாதவர்களின் கணக்கு. வந்ததையெல்லாம் மாதாமாதம் செலவழித்தவரிடம் அதே பத்து இலட்சம்தான் இருக்கும். அதன் பெறுமதி 58 ரூபாய். வைப்புக்கு வருவதில் ஒரு பகுதி இலாபமே இல்லை, உங்கள் முதலின் தேய்மானம்தான் திரும்பி வருகிறது. வீதம் 10, பணவீக்கம் 6 என்றால் செலவழிக்கக்கூடியது 4 மட்டுமே. மிச்ச 6ஐ முதலோடு சேர்க்க வேண்டும். பணவீக்க முறி தானாகச் செய்யும் வேலையை நாங்கள் கையால் செய்கிறோம், அவ்வளவுதான். ஆனால் 2022 போல பணவீக்கம் வீதத்தை விட மேலே போகும் வருடத்தில் இந்த முறையாலும் முழுப் பாதுகாப்புக் கிடைக்காது.

வட்டியைத் தவிர்க்கிறவர்கள் எங்களில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988இல் குவைத்தில் கூடியபோது, கடனை விலைவாசியோடு இணைத்துக் கூட்டி வாங்குவது கூடாது, கொடுத்த அளவே திரும்ப வேண்டும் என்று முடிவு செய்தது. ஆகவே "பணவீக்கத்துக்கு மட்டும்தானே கூட்டுகிறார்கள்" என்று சொல்லி இந்த முறிகளுக்குள் போக முடியாது. உங்கள் உலமாக்களிடம் கேளுங்கள். இஸ்லாமிய வங்கியின் முழாறபா வைப்பில் இலாபம் வங்கி உழைத்ததைப் பொறுத்தது. அதற்கும் செலவழிக்கும் முன் பணவீக்கத்தைக் கழிக்கும் அதே கணக்குத்தான்.

பணவீக்க முறிக்கு எங்கள் ஊரில் மிகக் கிட்டியது வீட்டு வாடகை. பேராதனைப் பக்கம் மாணவர்களுக்கு இரண்டு அறை கொடுப்பவர்கள் வருடாவருடம் புது உடன்படிக்கை எழுதுகிறார்கள். வாடகை விலைவாசியோடு நடக்கிறது. ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரே தொகை என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் பூட்டிய வைப்பு மாதிரித்தான். அறை வெறுமையாகக் கிடக்கும் மாதங்களையும் கூரை, தண்ணீர்க்குழாய்ச் செலவையும் முதலே கழித்துப் பாருங்கள்.

தங்கம் ரூபாய் விழும்போது கைகொடுக்கும். ஆனால் மாத வருமானம் தராது. நகையாக வாங்கினால் செய்கூலி போய்விடும். நிஸாபைத் தாண்டினால் ஸகாத்தும் வருடாவருடம் உண்டு. ஒரு பங்குக்கு மேல் அதில் சாய வேண்டாம்.

அரச பென்ஷனை நம்பி இருப்பவர்களும் கவனியுங்கள். அது சுட்டெண்ணோடு தானாக ஏறாது. வாழ்க்கைச் செலவுப் படியை 2024இல் 2,500 ரூபாய் கூட்டி 6,025 ஆக்கினார்கள். விலை ஏறியதோ 2022இல். 2020க்கு முன் ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனை 2025 ஜூலையிலிருந்து மூன்று கட்டமாகத் திருத்துகிறார்கள். அரசாங்கம் தீர்மானித்தால்தான் ஏறும், அதுவும் பிந்தித்தான். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் பணிக்கொடை.

ஆகவே மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் ஒரே காலத்துக்குப் பூட்ட வேண்டாம். நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போடுங்கள். புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் பணவீக்க வீதத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதற்கு மேலே வந்ததை மட்டும் செலவழியுங்கள்.

உங்கள் வீட்டில் அண்மையில் ஓய்வு பெற்ற வாப்பாவோ உம்மாவோ இருந்தால், இந்தக் கணக்கை அவர்களுடைய தொகையை வைத்துப் போட்டுக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், பார்ப்போம்.