தொகை இல்லாமல் வரும் ரகசிய எண்!

ஊரில் இருந்தவரை எனக்கு ஜிபே என்றால் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டைதான். பூக்கார அக்காவுக்கு இருபது ரூபாய் கொடுப்பதற்குக்கூட ஸ்கேன் செய்து பழகிய கை இது. என் கணவரின் வேலைக்காக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்த பிறகுதான், இங்கே கதை வேறு என்று தெரிந்தது. வங்கி கொடுத்த கார்டை முதலில் போனில் உள்ள வாலட்டுக்குள் ஏற்ற வேண்டும். பிறகு கடையில் கார்டு மெஷின் அருகே போனைக் கொண்டுபோனால் போதும், பணம் போய்விடும்.

கேட்பதற்குச் சுலபம்தான். ஏற்றும்போதுதான் பாஷை குறுக்கே வந்து நிற்கிறது.

என் போனின் மொழி ஆங்கிலம். கூகுள் வாலட்டைத் திறந்து, கார்டைக் கேமராவில் காட்டி, பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணைப் போடும்வரை எல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த திரையில் திடீரென்று நீளமாக ஜெர்மன். போன் கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். முதல் பாதித் திரைகள் வாலட்டுக்குச் சொந்தம், அதனால் போனின் மொழியில் வரும். பின்பாதியில் வரும் நிபந்தனைகளும் சரிபார்ப்பும் வங்கிக்குச் சொந்தம். வங்கி எந்த மொழியில் எழுதி வைத்திருக்கிறதோ, அதுதான் வரும். நாம் போன் செட்டிங்கை மாற்றினாலும் அது மாறாமல் போகலாம்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்க்கலாம் என்றால், பல வங்கிச் செயலிகளில் பாதுகாப்புக்காக அதைத் தடுத்து வைத்திருப்பார்கள். படம் கறுப்பாக வரும், இல்லையென்றால் எடுக்கவே விடாது. வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, அதன் கேமராவை இந்தத் திரைக்கு நேராகப் பிடித்தால் படித்துவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன். அப்போது கற்றுக்கொண்ட மூன்று சொற்கள் இன்றுவரை உதவுகின்றன. Weiter என்றால் 'மேலே தொடர்க'. Abbrechen என்றால் 'ரத்து செய்'. Bestätigen என்றால் 'உறுதி செய்'.

நிபந்தனைகளைத் தாண்டியதும், 'இது உங்கள் கார்டுதான் என்று எப்படி நிரூபிக்கப் போகிறீர்கள்?' என்று வங்கி கேட்டது. எஸ்எம்எஸ்ஸில் ரகசிய எண் வாங்கலாம், அல்லது வங்கியின் சொந்தச் செயலியில் அனுமதி கொடுக்கலாம் என்று இரண்டு வழி. எஸ்எம்எஸ் வழிக்குப் பக்கத்தில் ஒரு போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. அவை என் நம்பருடையவை அல்ல. கணக்கு தொடங்கிய நாளில் எனக்கு இங்கே சிம் கார்டு இல்லாததால், என் கணவரின் நம்பரைக் கொடுத்திருந்தோம். அவரோ அலுவலகத்தில். வங்கியில் பதிவான நம்பருக்குத்தான் அந்த எண் போகும். இந்தத் திரையில் அதை மாற்ற வழி கிடையாது, வங்கியிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும். அதனால் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். வங்கிச் செயலி தானாகத் திறந்தது. என் கைரேகையை வைத்தேன். ஒரே நிமிடத்தில் கார்டு வாலட்டுக்குள் வந்துவிட்டது. இவ்வளவிலும் கார்டின் பின் நம்பரை யாரும் கேட்கவில்லை. வாலட்டில் ஏற்ற அது தேவையே இல்லை. கேட்டால், அந்த இடம் சரியில்லை என்று அர்த்தம்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று அன்று சலித்துக்கொண்டேன். காரணம் இதுதான்: போனுக்குள் போவது கார்டில் அச்சிட்ட எண் அல்ல. அந்த ஒரு போனுக்கென்றே தயாராகும் மாற்று எண். கடை ரசீதில் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் கார்டில் உள்ளவற்றோடு ஒத்துப்போகாமல் இருப்பது அதனால்தான். அந்த மாற்று எண் ஒரு போனுக்குள் போய்விட்டால், அதன் பிறகு அந்தப் போனைத் திறக்கத் தெரிந்தவர்தான் முதலாளி. கடையில் போனைக் காட்டும்போது எஸ்எம்எஸ் வராது, நம் அனுமதியையும் கேட்காது. ஆக, பூட்டு இருப்பது இந்த ஒரே ஒரு வாசலில்தான்.

இதன் அருமை, கீழ் வீட்டில் இருக்கும் தென்காசிப் பெண்ணால் புரிந்தது. இங்கே மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு நாள் மாலை, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று போனோடு மேலே வந்தாள். பார்சலுக்குச் சுங்கக் கட்டணம் இரண்டு சொச்சம் யூரோ பாக்கி என்று ஒரு எஸ்எம்எஸ். அதிலிருந்த லிங்கைத் தட்டிக் கார்டு எண்ணைக் கொடுத்திருக்கிறாள். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பார்சலுக்காக நிஜமாகவே காத்திருந்தவள், சந்தேகப்படவில்லை. இப்போது அந்தப் பக்கம், 'வங்கி அனுப்பிய எண்ணை இங்கே போடவும்' என்று கேட்டு நிற்கிறது. எண்ணும் வந்துவிட்டது. ஆனால் வங்கியின் செய்தி முழுக்க ஜெர்மன்.

எனக்கும் அந்த வாக்கியம் முழுதாகப் புரியவில்லை. ஆனால் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. செய்தியின் நடுவே Apple Pay என்று இருந்தது. அவளிடம் இருப்பதோ ஆண்ட்ராய்டு போன். அடுத்தது, இரண்டு யூரோ கட்டணம் என்கிறார்கள், செய்தியில் யூரோ என்ற பேச்சே இல்லை. "வேண்டாம்மா, எண்ணைப் போடாதே" என்றேன். யாரோ ஒருவர் தன் ஐபோனில் இவள் கார்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் குறைவாக இருந்தது அந்த எண் மட்டும்தான்.

பாஷை தெரியாதவர்களும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, இணையத்தில் பணம் கட்டுவதற்கு அனுமதி கேட்கும்போது தொகையையும், யாருக்குப் போகிறது என்பதையும் வங்கி காட்டியாக வேண்டும். கார்டைப் போனில் ஏற்றுவதற்கான எண்ணில் தொகை இருக்காது, ஏனென்றால் அங்கே எதையும் வாங்கவில்லை. தொகை இல்லாமல், Apple Pay, Google Pay, Wallet என்ற பெயர்களில் ஒன்றோடு செய்தி வந்தால், கார்டு ஒரு போனுக்குள் போகக் காத்திருக்கிறது என்று பொருள். அந்தப் பெயர்கள் எந்த மொழிச் செய்தியிலும் பெரும்பாலும் அப்படியே ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். அந்த நிமிடம் நம் கையில் இருக்கும் போனில் நாமே ஏற்றிக்கொண்டிருந்தால் மட்டும், அந்த எண்ணை வாலட் திரையில் போடலாம். வேறு எந்தப் பக்கத்திலும் போடக் கூடாது, போனில் யாரிடமும் சொல்லவும் கூடாது.

எண்ணைக் கொடுக்காவிட்டாலும் கார்டு விவரம் வெளியே போய்விட்டதே! ஜெர்மனியில் கார்டை முடக்க 116 116 என்ற பொது எண் இருக்கிறது, பெரும்பாலான வங்கிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அன்றே அதற்குப் பேசி முடக்கினோம். மறுநாள் வங்கிக்கும் அவளோடு போனேன். 'வேறு எந்தப் போனிலாவது இந்தக் கார்டு ஏறியிருக்கிறதா?' என்று பார்த்துச் சொல்லச் சொன்னோம். இதைத் தனியாகக் கேட்பது நல்லது, ஏனென்றால் எந்தெந்தப் போனுக்கு மாற்று எண் போயிருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியும், அவர்களால் அதை நீக்கவும் முடியும். எதுவும் ஏறவில்லை என்றார்கள்.

ஒரு வாரத்தில் அவளுக்குப் புதுக் கார்டு தபாலில் வந்தது. அம்மாவின் பார்சலும் வந்தது. கட்டணம் எதுவும் இல்லை, உள்ளே முறுக்கும் கருப்பட்டியும்தான் இருந்தன.