மாதம் எத்தனை மூட்டை?

சிமெண்டு ஆலைக்கு டீலர் உரிமம் கேட்டு நான் நிரப்பிய பாரத்தில் பெரும்பகுதி எளிதாகவே முடிந்தது. கூலாயில் உள்ள எங்கள் ஹார்டுவேர் கடையின் எஸ்.எஸ்.எம். பதிவு, நகராண்மைக் கழக லைசென்ஸ், லோரி பின்வாங்கி நிற்க இடமுள்ள கிடங்கின் படம், 11 ஆண்டு அனுபவம். கடைசிக் கட்டத்தில்தான் பேனா நின்றது: எதிர்பார்க்கும் மாத விற்பனை எவ்வளவு?

"2,000 மூட்டை என்று போடுடா, அப்போதுதான் மதிப்பார்கள்" என்றார் மாமா.

பழைய பில்களைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு மாதச் சராசரி 800 மூட்டை, அதாவது 40 டன். ஆலை தரும் தவணை 30 நாள். என்னிடம் வாங்கும் குத்தகையாளர்களோ 60 நாளில்தான் பணம் தருகிறார்கள். இடையிலுள்ள ஒரு மாதத்தை என் கைப்பணம்தான் தாங்க வேண்டும். மூட்டை 20 வெள்ளி என்றால், 800 மூட்டைக்கு 16,000 வெள்ளி. 2,000 மூட்டைக்கு 40,000 வெள்ளி. அது என்னிடம் இல்லை. விற்காமல் தங்கும் சிமெண்டும் ஆண்டிறுதி மழை ஈரத்தில் கட்டிதட்டிவிடும்.

800 என்றே எழுதி, பில்களின் நகலையும் வாடிக்கையாகச் சரக்கெடுக்கும் குத்தகையாளர்களின் பட்டியலையும் இணைத்தேன். ஆறு மாதத்துக்குப் பின் 1,000 என்றும் குறிப்பிட்டேன்.

நேரில் வந்த விற்பனை அதிகாரி, மூட்டைகள் தரையில் படாமல் பலகைமேல் இருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு பில் புத்தகத்தைக் கேட்டார். பாரத்தில் இருந்த எண்ணும் புத்தகத்தில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. மாதம் இரண்டு லோரி, லோரிக்கு 400 மூட்டை என்று உரிமம் கிடைத்தது.