நாலரை நிமிடப் பாட்டு

கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கித் தந்த மான்பூண்டியா பிள்ளையின் ஊர் புதுக்கோட்டை. தாள வாத்தியம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் நான் டிரம்ஸ் வாசிக்கிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு அது?" என்றுதான்.

ராக் இசைக்குழுவுக்குச் சபா கிடையாது. எங்கள் ஊர்ப்பக்கம் அதை வாசிக்க வைக்கும் ஓட்டலும் கிடையாது. பெரிய ஒலிபெருக்கியில் நம் வாசிப்பை நாமே முதன்முதலாகக் கேட்பது கல்லூரி விழாப் போட்டிகளில்தான். மும்பை ஐ.ஐ.டி.யின் மூட் இண்டிகோவில் 'லைவ்வயர்', சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங்கில் 'டெசிபெல்ஸ்' என்று பெயர் பெற்ற போட்டிகள் உண்டு. எங்களுக்கு வாய்த்தது திருச்சியில் ஒரு கல்லூரியின் சிறிய போட்டி. நாங்கள் நாலு பேர். மூன்று பையன்கள், நான்.

விதி எளிது. மேடை ஏறுவதிலிருந்து இறங்குவது வரை 20 நிமிடம். மீறினால் மதிப்பெண் போகும். டிரம்ஸ் எல்லாக் குழுவுக்கும் பொது. ஸ்நேர், சிம்பல், கால் பெடல் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். அவற்றைச் சாக்கில் கட்டி, புதுக்கோட்டையிலிருந்து பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் வாசித்தவர் நெட்டை. அவர் வைத்த உயரத்திலேயே முக்காலி இருந்தது. அதை இறக்கி, ஸ்நேரை மாற்றி, பெடலைப் பொருத்தி, ஒலியமைப்பாளருக்காக ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டிக் காட்டுவதற்குள் 6 நிமிடம் போய்விட்டது. வாசிக்கத் தொடங்கியதும் வழுவழுப்பான பலகையில் பேஸ் டிரம் ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் நகர்ந்தது. நானும் அதன் பின்னாலேயே நகர்ந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த மானிட்டரில் பேஸ் கிடார் கேட்கவே இல்லை.

முடிந்ததும் நடுவர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். கிடார்காரனிடம், இரண்டாவது பாட்டில் ஒரு கம்பி சுதி இறங்கியதைச் சொன்னார். பாடியவனிடம், மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று பிடித்தே காட்டினார். என்னிடம் திரும்பிச் சிரித்தார். "ஒரு பொண்ணு டிரம்ஸ் வாசிக்கிறதே பெரிய விஷயம்மா. விட்டுடாதே."

அன்று அது இனித்தது. மறுநாள், நண்பன் கைப்பேசியில் பதிவு செய்ததைக் கேட்டேன். பயிற்சியில் நாலரை நிமிடம் வரும் பாட்டு, மேடையில் 4 நிமிடத்தில் முடிந்திருந்தது. நிமிடத்துக்கு 120 தட்டு என்று பழகிய பாட்டை 135-க்கு ஓட்டியிருக்கிறேன். பதற்றத்தில் டிரம்ஸ் ஓடினால் குழு முழுவதும் பின்னால் ஓடும். பாடியவன் மூச்சுக்குத் திணறியது என்னால்தான். அது நடுவர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

போட்டி இளைஞர்களைப் பழக்குவது பரிசால் அல்ல. நம்மைத் தெரியாத, நம்மைவிடத் தெரிந்த ஒருவர், தெரியாத கருவியில் 20 நிமிடம் வாசித்ததைக் கேட்டுவிட்டுத் தவறைச் சொல்கிறாரே, அதனால். பையன்கள் ஆளுக்கொரு தவறை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். எனக்குக் கிடைத்தது பாராட்டு. அதை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது?

அடுத்த போட்டிக்கு முன் எல்லாவற்றையும் மாற்றினோம். சாக்கு அவிழ்ப்பதிலிருந்து கடிகாரம் வைத்துப் பழகினோம். பேஸ் கிடார் கேட்காவிட்டால் அவன் வலது கையைப் பார்த்து வாசிக்கப் பழகினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன், காதில் மெட்ரோனோம் தட்டைக் கேட்டு வேகத்தைப் பிடித்துக்கொண்ட பிறகே குச்சியைத் தட்டி எண்ணினேன். வீட்டு வாசலில் கிடந்த ரப்பர் மிதியடியையும் எடுத்துப் போய் பேஸ் டிரம்முக்கு அடியில் போட்டேன். அது நகரவில்லை.

இந்த முறை வேறொரு நடுவர். அதே சிரிப்பு, ஏறக்குறைய அதே வாக்கியம். "சார், நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "வலது கால் கொஞ்சம் பிந்துதும்மா. முக்காலி இன்னும் தாழ்வா இருக்கு, முட்டி மேலே நிக்குது. ஏத்திப் பாரு." ஏற்றிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த இசைக்குழுப் போட்டியில், 'பிரகாஷ்' என்ற பெயரில் மூன்று பள்ளிச் சிறுமிகள் வாசித்துப் பரிசு வாங்கினார்கள். இரண்டே மாதத்தில், இணைய வசவுகளும் தலைமை முஃப்தியின் கண்டனமும் வந்து வாசிப்பதையே நிறுத்தினார்கள். மேடையில் அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று பார்த்தார்கள். வெளியே வாசிக்கலாமா என்று மட்டுமே பேசினார்கள்.

என்னை யாரும் கண்டிக்கவில்லை, பாராட்டத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பாராட்டும் நான் வாசிக்கலாமா என்ற கேள்விக்கான பதில்தான். எப்படி வாசித்தேன் என்பதற்கான பதிலை நானாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இப்போது சிறிய போட்டிகளுக்கு என்னை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். டிரம்ஸில் ஒரு பெண் உட்கார்ந்தால், முதலில் பாட்டின் வேகத்தைக் குறித்துக்கொள்கிறேன்.